விரலுக்கு ஒரு கணக்கு, கைக்கு ஒரு கணக்கு

வாசகர் கேள்வி: டாக்டர், எனக்கு வயது 27, எடை 64 கிலோ. காரைக்குடியில் பாத்திரக் கடையில் வேலை. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு புதுக்கோட்டைப் பக்கம் பாறையில் போல்டரிங் ஏறுகிறேன். பலம் சேர்க்க, எங்கள் பழைய வீட்டு உள்ளறை நிலையின் மேல்சட்டத்தில் விரல் நுனியால் பிடித்துத் தினமும் 60 புல்-அப் எடுக்கிறேன். சட்டத்தில் ஒரு விரல்கணு அளவுகூட இடம் கிடையாது. கம்பியில் என்றால் ஒரே மூச்சில் 14 வரும். ஒரு வருடமாக அது 15 ஆகவில்லை. மூன்று வாரமாக வலது மோதிர விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம் வலிக்கிறது. 'டப்' என்ற சத்தமோ வீக்கமோ இல்லை. காலையில் கொஞ்சம் விறைப்பு. வலது தோளின் முன்பக்கமும் குத்துகிறது, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. சுளுக்கு எடுத்தால் சரியாகும் என்கிறார் அம்மா. டேப் சுற்றினால் போதும் என்கிறான் நண்பன். இரண்டு கம்பிக்கு நடுவில் கையூன்றி உடலை இறக்கி ஏற்றும் டிப்ஸ் பயிற்சியும் சேர்க்கலாமா? பொங்கல் விடுமுறையில் ஹம்பி போக டிக்கெட் எடுத்துவிட்டோம், இன்னும் 12 வாரம் இருக்கிறது. 14 வயதுத் தம்பி ஒருவன், சித்தப்பா மகன், என்னைப் பார்த்து அவனும் நிலையில் தொங்குகிறான். அது பரவாயில்லையா?
— பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்:

விரலும் தோளும் தனித்தனியாகக் கெட்டுப்போனதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அது அந்த நிலைச்சட்டம். விரல் தாங்க வேண்டிய சுமையும் கை இழுக்க வேண்டிய சுமையும் அங்கே ஒரே பயிற்சியில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. கைக்கு அது போதாது; விரலுக்கு அது மிக அதிகம். 14 ஒரு வருடமாக நகராததற்கும் விரல் வலிப்பதற்கும் இதுவே பதில். இனி இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வைக்க வேண்டும்.

விரலில் என்ன நடக்கிறது

விரலை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது. அதன் தசைநாண், சைக்கிள் பிரேக் கேபிள் போல, உள்ளங்கை வழியாக விரல் நுனிவரை ஓடுகிறது. கேபிளைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடிக்கக் கிளிப் இருப்பதைப் போல, தசைநாணை எலும்போடு ஒட்டிப் பிடிக்கச் சின்னச் சின்ன வளையங்கள் உண்டு. இவற்றைத்தான் ஏறுகிறவர்கள் புல்லி என்கிறார்கள். விரலின் அடிக்கணுவில் இருக்கும் ஏ2 என்ற வளையம்தான் இவற்றில் அதிகச் சுமை தாங்குவது. நீங்கள் வலி என்று சொல்லும் இடமும் அதுதான். ஏறுகிறவர்களுக்கு அதிகம் அடிபடுவது மோதிர விரல்.

மெல்லிய விளிம்பில் பிடிக்கும்போது நடுமூட்டு செங்கோணத்துக்கும் மேல் மடங்கி, நுனிமூட்டு பின்பக்கமாக வளையும். இதுதான் முழுக் கிரிம்ப். அந்த வளைவில் தசைநாண் எலும்பை விட்டு வெளியே தெறிக்கப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது ஏ2. நுனியில் விழும் சுமையைப்போல் மூன்று நான்கு மடங்கு அந்த வளையத்தில் விழும். விரலைப் பெரிதாக மடக்காமல் கொக்கிபோல் மாட்டும் ஓப்பன் ஹேண்ட் பிடியில் இது வெகுவாகக் குறைந்துவிடும்.

சத்தமும் வீக்கமும் இல்லாததால் வளையம் முழுதாகக் கிழிந்திருக்க வாய்ப்பு குறைவு. இழுபட்டு நைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். ஆனால் 'டப்' சத்தம் கேட்கவில்லை என்பதாலேயே எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இடது கட்டைவிரலால் அந்த அடிக்கணுவை அழுத்திப் பாருங்கள். ஒரு புள்ளியில் மட்டும் வலித்தால் புல்லி. விரல் நீளத்துக்கும் கோடுபோல் வலித்து, மடக்கும்போது நறநறவென்று உரசினால் தசைநாணின் உறை அழற்சி. வலி நடுமூட்டைச் சுற்றி இருந்து, காலையில் முழு முஷ்டி மடங்கவில்லை என்றால் பிரச்சினை மூட்டில். பின்னால் சொல்லப்போகும் லேசான தொங்கல் முதல் இரண்டுக்கும் பொருந்தும். மூட்டு என்றால் மருத்துவர் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

எதற்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்தில் அழுத்தும் வலி பாதியாகக் குறையவில்லை, நடுவில் எப்போதாவது 'டப்' என்றது, அல்லது விரலை மடக்கும்போது தோலுக்கடியில் தசைநாண் வில்போல் எழும்புகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மதுரையிலோ திருச்சியிலோ கை அறுவை மருத்துவரிடம் காட்டி அல்ட்ராசவுண்ட் எடுங்கள். விரலைச் சும்மா நீட்டி வைத்து எடுத்த படம் பிரயோஜனப்படாது. விரலை மடக்கி எதிர்விசை கொடுக்கச் சொல்லி, தசைநாணுக்கும் எலும்புக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அது ஏறத்தாழ 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் வளையம் அறுந்திருக்கலாம். அப்போது இந்தப் பதிலில் உள்ள அட்டவணை உங்களுக்குப் பொருந்தாது.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்: நல்லெண்ணெய் விட்டு மெல்லத் தேய்த்தால் குற்றமில்லை. விரலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துச் சொடக்கு எடுப்பது மட்டும் கூடாது. இழுபட்ட வளையத்தை அது இன்னொரு முறை இழுக்கும். டேப் விஷயத்தில் நண்பர் சொல்வது கால்வாசி சரி. நடுமூட்டைச் சுற்றி எச் வடிவில் சுற்றினால் தசைநாண் விலகுவது சிறிது குறையும், விரலைப் பார்த்து நடந்துகொள்ளவும் நினைவூட்டும். டேப் இருக்கிறதே என்று முழுச் சுமையைப் போட்டால் அது தாங்காது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு பாறைக்குப் போவதும் வேண்டாம். எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு ஏறுவது போல அது.

தோள் ஏன் குத்துகிறது

தோள்மூட்டில் பந்து பெரிது, குழி மிகச் சிறிது. தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதை நடுவில் பிடித்து வைப்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறிய தசைகள். நீங்கள் 60 முறை பலப்படுத்துவது முதுகின் பெரிய தசையை. அது கையைக் கீழே இழுப்பதோடு உள்பக்கமாகவும் திருப்பும். வெளிப்பக்கம் திருப்பும் சிறிய தசைகளுக்கு வேலையே இல்லை. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பழம் தட்டின் முன்விளிம்புக்கு நகரும்.

நிலைச்சட்டத்தில் இன்னொரு கெடுதலும் உண்டு. முகத்துக்கு எதிரே சுவர் இருப்பதால் நெஞ்சைச் சட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. கடைசி மூன்றில் ஒரு பங்கு உயரத்தை நெஞ்சைக் குழித்து, தோளை முன்னால் சுருட்டி, முழங்கையைப் பின்னால் தள்ளித்தான் ஏறியிருப்பீர்கள். பந்து முன்பக்கம் முட்டுவது அந்த இடத்தில்தான். யாரையாவது பக்கவாட்டில் நின்று போனில் படமெடுக்கச் சொல்லுங்கள். மேலே போனதும் தோள் காதுக்கு முன்னால் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.

கையை முழுதாகத் தூக்கவே முடியவில்லை, தோள் நழுவுவது போல் இருக்கிறது, கை விரல்வரை மரத்துப்போகிறது என்றால் பயிற்சி வேண்டாம், நேரில் காட்டுங்கள். இவை இல்லாமல் குத்தல் மட்டும் என்றால், சுமையை மாற்றினால் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அடங்கும். டிப்ஸ் இப்போது வேண்டாம். அதில் கீழே இறங்கும்போது முழங்கை முதுகுக்குப் பின்னால் போய், பந்தை அதே முன்விளிம்புக்குத்தான் தள்ளும். தண்டால் போதும்.

முதல் 3 வாரம்: நிலையை விட்டு இறங்குங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய மரச்சாமான் விற்கும் கடைகளில் தேக்குத் துண்டு ஒன்று வாங்கி ஆசாரியிடம் கொடுங்கள். நான்கு விரலும் நெருக்கமில்லாமல் உட்கார ஒரு கைக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம், விளிம்பின் ஆழம் 20 மில்லிமீட்டர், விரல் படும் முனை நன்றாக உருட்டப்பட்டிருக்க வேண்டும். முனை கூராக இருந்தால் தோலும் வலிக்கும், விரலும் தானாகவே கிரிம்புக்குப் போய்விடும். வார்னிஷ், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம், வழுக்கும். இரண்டு கைக்கும் விளிம்புள்ள பலகையாக ஒன்றும், கயிறு கோக்கத் துளை போட்ட ஒற்றைக் கட்டையாக ஒன்றும் செய்துகொள்ளுங்கள். பலகையைச் சுவரில் மாட்டுங்கள், நிலையில் ஸ்க்ரூ அடிக்காதீர்கள். நூறு வருடத் தேக்கில் ஓட்டை போட்டால் வீட்டுப் பெரியவர்களுக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது.

பலகைக்கு அடியில் எடை பார்க்கும் மெஷினை வையுங்கள். முள் நகரும் பழைய வகைதான் வேண்டும். டிஜிட்டல் மெஷின் ஒரு எண்ணில் நின்று பூட்டிக்கொள்ளும். மெஷின் மேல் நின்றால் 64 காட்டும். விரலை ஓப்பன் ஹேண்டாக விளிம்பில் வைத்து, முழங்கையை லேசாக மடக்கி, முள் 48-க்கு வரும்வரை மெல்லச் சுமையை விரலுக்கு மாற்றுங்கள். இப்போது இரண்டு கையும் சேர்ந்து தாங்குவது 16 கிலோ. 10 விநாடி பிடித்து 50 விநாடி ஓய்வு; இப்படிப் பத்து முறை, மொத்தம் பத்து நிமிடம். காலையில் கடைக்குப் போகுமுன் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. நடுவில் ஆறு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். முதல் வாரம் முள் 48, இரண்டாம் வாரம் 45, மூன்றாம் வாரம் 42.

இவ்வளவு லேசாகச் செய்து என்ன பயன் என்று தோன்றும். தசைநாணும் வளையமும் தசையைப்போல் அல்ல. அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு, சுமைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். சிறிது நேரச் சுமையிலேயே அவை தூண்டப்பட்டுவிடும். அதற்கு மேல் அதே அமர்வில் சேர்ப்பது தேய்மானம்தான். ஆகவே கொஞ்சமாக, அடிக்கடி. முழு ஓய்வும் இங்கே நல்லதல்ல, சுமையே படாத வளையம் வலுவாக ஆறாது.

தினமும் காலையில் பல் தேய்க்குமுன் அதே புள்ளியை அழுத்தி, வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்துக் காலண்டர் தாளில் எழுதுங்கள். தொங்கும்போது வலி 2 வரை இருக்கலாம். மறுநாள் காலை எண் முந்தைய நாளைவிட 2 கூடியிருந்தால் முள்ளை முந்தைய வார அளவுக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.

இந்த மூன்று ஞாயிறும் பாறைக்குப் போகலாம், ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சரிவான பாறைகளில் காலை நம்பி ஏறுங்கள். உங்கள் பக்கத்துக் கருங்கல்லுக்குச் செருப்பே ஒட்டும், ஏறும் ஷூவுக்குக் கேட்க வேண்டாம். கிரிம்ப், தாவிப் பிடிப்பது, மேற்கூரைப் பாறை மூன்றும் தள்ளிவைக்கப்பட வேண்டியவை.

இழுக்கும் பலம்

தினமும் 60 எடுப்பதில் என்ன பிழை? ஆறு செட்டில் பத்துப் பத்தாக, அதே உடல் எடையோடு எடுப்பது தாங்கும் சக்தியைத்தான் வளர்க்கும். பாறையில் ஒரு கை பிடியில் இருக்க, மறு கை அடுத்த பிடிக்குப் போகும் அந்த ஒரு இழுப்புக்கு வேண்டியது அதிகபட்ச பலம். அதற்கு எடை கூட வேண்டும், எண்ணிக்கை குறைய வேண்டும், நடுவில் ஓய்வு நாள் வேண்டும். தினம் எடுத்துக்கொண்டே போனால் அடுத்து வலிக்கப்போவது முழங்கையின் உள்பக்கம்.

புல்-அப் இனிமேல் கைக்கு நிறைந்து நிற்கும் உருண்டைக் கம்பியில் மட்டும். அங்கே விரலுக்கு வேலை இல்லை. தோள் அகலத்தைவிட ஒரு கையளவு கூடுதலாகப் பிடியுங்கள். முதல் மூன்று வாரம் எடை சேர்க்க வேண்டாம். வாரம் இரண்டு நாள், 4 செட், செட்டுக்கு 5. ஏறுவது சாதாரண வேகத்தில், இறங்குவது நான்கு எண்ணி. நெஞ்சு கம்பியை நோக்கி வர வேண்டும். மேலே தோள் முன்னால் சுருளத் தொடங்கினால் அந்த உயரத்தோடு நிறுத்துங்கள். கீழே தொங்கும்போது தோளைத் தளர விடாமல், காதிலிருந்து ஒரு விரற்கடை கீழே இறக்கி வைத்திருங்கள்.

நான்காம் வாரம் தோள் வலி 2-க்குள் இருந்தால் எடை சேர்க்கலாம். 14 எடுக்கிறவரால் 12 கிலோவோடு ஏழு வரை இழுக்க முடியும் என்பது மதிப்பீடு. மதிப்பீட்டில் தொடங்காமல் அதற்குக் கீழே 7.5 கிலோவில் தொடங்குங்கள். மணல் பொட்டலங்களைப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டால் போதும். 4 செட், செட்டுக்கு 5, நடுவில் மூன்று நிமிடம் ஓய்வு. ஐந்து முடித்ததும் இன்னும் இரண்டு எடுக்கலாம் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் எடை அதிகம். ஐந்தாம் வாரம் 10, ஆறாம் வாரம் 12.5. ஏழாம் வாரம் வேண்டுமென்றே 7.5-க்கு இறங்கி, இரண்டே செட். எட்டாம் வாரம் 12.5, ஒன்பதாம் வாரம் 15. பத்தும் பதினொன்றும் 17.5 கிலோவோடு செட்டுக்கு 3. கடைசி வாரம் எடையில்லாமல் 2 செட் மட்டும்.

கெடுவது எங்கே என்றால், பத்தாம் வாரம் வரும்போது பலம் ஏறிவிட்ட குஷியில் எடையை இரட்டிப்பாக்குவதில். தசை தயாராக இருக்கும், முழங்கைத் தசைநாண் இருக்காது. இழுப்பின் வேகம் பார்த்தால் தெரியும்: கடைசி இழுப்பு நடுவில் நின்று திணறினால் அன்றைக்கு அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

தோளுக்கு மூன்று வேலை

செவ்வாயும் வெள்ளியும் இருபது நிமிடம் போதும்.

ஒன்று, முழங்கை மடக்காத இழுப்பு. கம்பியில் கை நீட்டித் தொங்கி, தோள்பட்டை எலும்பை மட்டும் கீழிறக்குங்கள். தலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரும். இரண்டு விநாடி நிறுத்தி விடுங்கள். 8 முறை, 3 செட். முதல் இரண்டு வாரம் கால் ஸ்டூலில் பாதிச் சுமையைத் தாங்கட்டும்.

இரண்டு, வெளிப்பக்கத் திருப்பல். வலி இல்லாத பக்கமாகப் படுத்து, வலிக்கும் கையின் முழங்கையை விலாவில் மடித்த துண்டின்மேல் வைத்து, தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்து முன்கையை மேலே திருப்புங்கள். பாட்டில் ஒரு கிலோதான், சிரிக்க வேண்டாம். சரியாகச் செய்தால் பன்னிரண்டாவது முறையில் தோளின் பின்பக்கம் எரியும். முன்பக்கம் எரிந்தால் முழங்கை விலாவை விட்டு விலகியிருக்கிறது. 12 முறை, 3 செட், இரண்டு கைக்கும். படுக்க முடியாத நாளில் பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி நின்றபடி இதையே செய்யலாம்.

மூன்று, தள்ளுவது. தண்டால் எடுத்து மேலே வந்ததும் நிறுத்தாமல், முதுகைக் கூன்போல் சற்று உயர்த்தி இன்னொரு தள்ளு. தோள்பட்டை எலும்பை விலாவோடு ஒட்ட வைக்கும் தசைக்கு வேலை அந்தக் கடைசித் தள்ளில்தான். 10 முறை, 3 செட். கூடவே வளவுத் தூணைச் சுற்றிக் கயிறு போட்டு, சாய்ந்து நின்று நெஞ்சை நோக்கி இழுங்கள், 10 முறை, 3 செட். தூணுக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு துணியைச் சுற்றி வைத்தால் மெருகு கெடாது.

4-ஆம் வாரத்திலிருந்து விரலுக்குக் கனம்

இங்கேதான் உங்கள் பழைய கணக்கில் பெரிய ஓட்டை. ஞாயிற்றுக்கிழமைப் பாறையை நீங்கள் பயிற்சியாகவே எண்ணவில்லை. விரலுக்கு அதுதான் வாரத்தின் மிகக் கனமான நாள். கனமான சுமைக்குப் பிறகு வளையத்துக்கும் தசைநாணுக்கும் இரண்டு மூன்று நாள் வேண்டும். ஆகவே கனமான விரல் நாள் வாரத்துக்கு இரண்டுதான்: ஞாயிறு பாறை, புதன் கட்டை. லேசான தொங்கல் சனி தவிர மற்ற நாட்களில் காலையில் ஒரு தடவை தொடரலாம்.

கட்டையைக் கயிற்றில் கோத்து, மணல் பையைத் தொங்கவிட்டு, நின்றபடி தரையிலிருந்து ஒரு கையால் தூக்குவது இந்தப் பயிற்சி. தொங்குவதைவிட இதில் இரண்டு லாபம்: சுமை கிலோ கணக்கில் தெரியும், விரல் திறந்தால் பைதான் விழும். கூடவே தோள் கீழே இருப்பதால் வலிக்கும் தோளுக்கும் வேலை இல்லை. பையை நிறுக்கத் தொங்கு தராசு ஒன்று இருந்தால் நல்லது.

பிடி அரைக் கிரிம்ப்: நடுமூட்டு செங்கோணம், நுனிமூட்டு நேராக, கட்டைவிரல் ஒதுங்கி இருக்கட்டும். முதல் புதன்கிழமை சோதனை. 15 கிலோவில் தொடங்கி ஒவ்வொரு தடவையும் 4 அல்லது 5 கிலோ கூட்டி, இடையில் மூன்று நிமிடம் விட்டு, பத்து விநாடி கோணம் மாறாமல் பிடிக்கக்கூடிய அதிகபட்சத்தைப் பாருங்கள். வலி 2-ஐத் தொட்டால் அந்த எடைதான் உச்சம், பலம் மிச்சமிருந்தாலும் சரி. வலது கையில் 34 கிலோ வந்ததாக வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் நான்கு பங்கு 27. மறு புதனிலிருந்து 27 கிலோவை 10 விநாடி, 5 செட், நடுவில் இரண்டு நிமிடம். காலை எண் ஏறாத வாரங்களில் மட்டும் வாரம் ஒரு கிலோ கூட்டுங்கள். ஏழாம் வாரம் 22 கிலோவோடு 3 செட் என்று இறக்குங்கள். இப்படிப் போனால் பதினொன்றாம் வாரம் 31, 32 கிலோவில் இருப்பீர்கள். இடது கைக்கு அதன் சொந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கோணம் திறந்த நொடியில் செட் முடிந்தது; பத்து விநாடி ஆகவில்லையே என்று விரலைச் சுருட்டிப் பிடித்துத் தாக்குப்பிடிப்பதுதான் பழையபடி ஏ2-வைக் கிள்ளும்.

புதன்கிழமை விரல் முதலில், புல்-அப் பிறகு. இரண்டாம் புல்-அப் நாள் வெள்ளி. சனி முழு ஓய்வு.

ஹம்பியில் சின்னச் சின்ன கருங்கல் விளிம்புகள் அதிகம், அங்கே முழுக் கிரிம்ப் போடாமல் திரும்பி வர மாட்டீர்கள். ஆகவே அதை ஒரேயடியாக விலக்கிவைத்துவிட்டு அங்கே போய் முதல் முறையாகப் போடுவது மோசம். ஒன்பதாம் வாரம் வலி 0 அல்லது 1 என்றால், புதன்கிழமை கட்டை வேலை முடிந்ததும் மெஷின் மேல் நின்று, பலகையில் முழுக் கிரிம்ப், கட்டைவிரலை மேலே போடாமல், 5 விநாடி, 5 முறை. முள் 54-க்கு மட்டும் வர வேண்டும். பத்தாம் வாரம் 49, பதினொன்றாம் வாரம் 44. பாறையில் முழுக் கிரிம்ப் பதினொன்றாம் வாரத்திலிருந்து, அதுவும் உடல் சூடான பிறகு.

14 வயதுத் தம்பி

அவனை இன்றைக்கே நிலையிலிருந்து இறக்குங்கள். அந்த வயதில் விரல் எலும்பின் வளர்ச்சித் தகடு இன்னும் மூடியிருக்காது, வளையத்தைவிட அதுதான் பலவீனம். பெரியவர்களுக்கு வளையம் நையும் அதே கிரிம்ப் சுமையில் பிள்ளைகளுக்கு எலும்பின் அந்த இடம் விரியும். கவனிக்காமல் விட்டால் விரல் கோணலாகவே நின்றுவிடலாம். அவனுடைய நடுமூட்டின் மேல்பக்கத்தை, நகம் இருக்கும் பக்கத்தை, அழுத்திக் கேளுங்கள். வலி என்றால் ஏறுவதை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுங்கள், டேப் சுற்றிப் பார்க்க வேண்டாம். வலி இல்லையென்றால் கம்பியில் புல்-அப், தண்டால், பெரிய பிடியுள்ள பாறை எல்லாம் தாராளம். எடை கட்டித் தொங்குவது, மெல்லிய விளிம்பு, முழுக் கிரிம்ப் மூன்றும் வளர்ச்சி முடியும்வரை கிடையாது.

ஹம்பியில்

கிளம்புவதற்கு முந்தைய ஐந்து நாட்கள் கட்டை தொடாதீர்கள், லேசான தொங்கல் மட்டும். ஒற்றைக் கட்டையையும் ஒரு துண்டுக் கயிற்றையும் பையில் எடுத்துப் போங்கள். கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தால் பாறையடியிலேயே விரலைச் சூடாக்கலாம்: 10 விநாடி வீதம் ஆறேழு முறை, லேசில் தொடங்கி ஒவ்வொன்றும் சற்றுக் கூடுதலாக. இரண்டு நாள் ஏறி ஒரு நாள் விடுங்கள். அங்கேயும் காலையில் பல் தேய்க்குமுன் அழுத்திப் பாருங்கள். எண் 3 என்றால் அன்று சரிவுப் பாறை மட்டும். 5 என்றால் துங்கபத்திரையில் பரிசல் ஏறிவிட்டு வாருங்கள், விரலுக்கு அன்று விடுமுறை.